புயல் வருகிறது, கட்டிடம் பாதியில் நிற்கிறது: தகரம், சாரம், அடுக்கிய பொருள்களைக் காப்பது எப்படி

முடிந்த வீட்டுக்குப் புயல் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பாதியில் நிற்கும் கட்டிடத்தில் சாத்துவதற்குக் கதவே இருக்காது. அங்கே பறக்கக்கூடிய பொருள்களும் சாயக்கூடிய பொருள்களும்தான் அதிகம். முதன்முதலாக ஒரு வேலையிடத்தின் பொறுப்பை ஏற்றவருக்காகவோ, சொந்த வீட்டைத் தானே நின்று கட்டுபவருக்காகவோ இதை எழுதுகிறேன். புயலுக்கு இரண்டு நாள் முன்னிருந்து எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று ஓர் எடுத்துக்காட்டுக் கட்டிடத்தை வைத்துச் சொல்கிறேன்.

கட்டிடம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்துக்குக் கான்கிரீட் கூரை போட்டு இரண்டு மாதம் ஆகிறது. மேல்மாடியில் தூண்கள் போட்டாயிற்று, சுவர்கள் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கின்றன. முன்பக்கம் 10 மீட்டர் நீளத்துக்கு, 7 மீட்டர் உயரத்துக்கு இரும்புக் குழாய்ச் சாரம், அதன்மேல் பச்சை வலை. பின்பக்கம் 8 தகர ஷீட் போட்ட ஒரு கொட்டகை. மனையைச் சுற்றி ஆள் உயரத் தகர வேலி. மேல்தளத்தின் ஓரத்தில் 2,000 செங்கல். கொட்டகைக்குள் 60 மூட்டை சிமெண்ட். சென்டரிங் பிளைவுட் 30, வெளியே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. இன்னும் மேலே ஏற்றாத 1,000 லிட்டர் காலித் தொட்டி ஒன்று.

முதலில் காற்றின் எண்ணைப் பாருங்கள்

வானிலை அறிவிப்பில் "மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 100 கிலோமீட்டர் வேகத்திலும்" என்பதுபோல வரும். நமக்கு வேண்டியது அந்த "இடையிடையே" எண். ஒரு ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போக மூன்று விநாடி வீச்சு போதும்.

அந்த எண்ணை எடையாக மாற்றிப் பார்த்தால்தான் எதற்கு எவ்வளவு கட்டு வேண்டும் என்று புரியும். 100 கிலோமீட்டர் காற்று தன்னை நேராக எதிர்க்கும் பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ அழுத்துகிறது. 120 என்றால் 68 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் "போன முறை 60 கிலோமீட்டர் காற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற அனுபவம் 120க்கு உதவாது. அன்று சதுர மீட்டருக்கு வெறும் 17 கிலோதான் இருந்திருக்கும்.

இப்போது ஒரு தகர ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலம், அரை மில்லிமீட்டர் தடிமன். அதன் எடை 14 கிலோ சுமாருக்கு இருக்கும். 100 கிலோமீட்டர் காற்று அதன் அடியில் புகுந்தால் 140 கிலோவுக்கு மேல் தூக்கும். மேலே நான்கு செங்கல் வைத்தால் கூடுவது 12 கிலோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கொட்டகையின்மேல் பெரிய பெரிய கற்களாகப் பார்த்துப் பன்னிரண்டு ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் போனேன். காலையில் வந்து பார்த்தால் கூரை இல்லை. ஒரு ஷீட் பக்கத்து மனையின் சுவரில் மடங்கிக் கிடந்தது. கற்களில் இரண்டு, கொட்டகைக்கு வெகு தூரத்தில். ஆளில்லாத இடமாக இருந்தது என் நல்ல காலம். அதற்குப் பிறகு எந்தப் பொருளின்மேலும் நான் கல் வைப்பதில்லை. பாரம் பறப்பதைத் தடுக்காது, பறப்பதோடு சேர்ந்து தானும் பறக்கும்.

எப்போது வேலையை நிறுத்த வேண்டும்

இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடும்போது மரங்களின் பெரிய கிளைகள் ஆடும், மின்கம்பிகள் விசில் அடிக்கும், குடை பிடிக்க முடியாது. அதற்கு முன்பே எல்லோரும் சாரத்திலிருந்தும் கூரையிலிருந்தும் இறங்கியிருக்க வேண்டும். பிளைவுட்டோ தகரமோ சுமந்து நடப்பதற்கு அந்தக் காற்றே அதிகம். கையில் பிடித்திருக்கும் ஷீட் ஆளையும் சேர்த்துத் தளத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

புயல் கரையைக் கடக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். இந்த 40 கிலோமீட்டர் காற்று பெரும்பாலும் பல மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். கடப்பதற்கு 12 மணி நேரம் முன்பே உயரத்து வேலை முடிந்திருந்தால் நல்லது. ஆகவே உங்களுக்கு உண்மையில் கிடைப்பது ஒன்றரை நாள், அதிலும் பகல் வெளிச்சம் ஒன்றரைப் பொழுதுகூட இருக்காது. கான்கிரீட் போடுவதாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். புதிதாகச் சுவர் எழுப்பாதீர்கள். இருக்கிற ஆட்களை எல்லாம் இந்த வேலைக்குத் திருப்புங்கள்.

சாக்பீஸோடு ஒரு சுற்று

கையில் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு பொருளையும் பார்த்து மூன்று கேள்வி கேட்டு, விடையை அதன்மேலேயே குறியுங்கள். இதைக் கழற்றி எடுத்துவிட முடியுமா? முடியாவிட்டால், ஒன்றாகச் சேர்த்துக் கட்ட முடியுமா? அதுவும் முடியாவிட்டால், கட்டிடத்தின் எலும்போடு பிணைக்க முடியுமா? கேள்விகளின் வரிசை முக்கியம். கட்டுவது எப்போதும் கடைசி வழிதான். கழற்றிவிட்ட பொருளுக்கு எந்தக் கயிறும் வேண்டாம்.

எலும்பு என்று நான் சொல்வது கான்கிரீட் தூண், பீம், தளம் ஆகியவற்றை. செங்கல் சுவர் எலும்பில் சேராது. கைப்பிடிச் சுவர் நிச்சயமாகச் சேராது. புதிதாகக் கட்டிய சுவரில் கயிற்றைச் சுற்றினால் சாரம் சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

தகரமும் தார்ப்பாயும்

கொட்டகைக் கூரையைக் கழற்றிவிடுங்கள். சிமெண்டை வேறிடத்துக்கு மாற்றிய பிறகு அந்தக் கொட்டகைக்கு வேலை இல்லை. கழற்றிய 8 ஷீட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்த அடுக்குங்கள். வேலியில் இருக்கும் ஷீட்டுகளையும் கழற்றி இதோடு சேருங்கள். வேலியைக் கழற்றப் பலருக்கும் மனம் வராது, திருட்டுப் பயம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: இரண்டு மீட்டர் உயரமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள ஒரு வேலித் துண்டை 100 கிலோமீட்டர் காற்று 250 கிலோவுக்கு மேல் தள்ளும். மழையில் ஊறிய மண்ணில் முழங்கை ஆழத்துக்கு நட்ட கம்பம் அதைத் தாங்காது. ஷீட்டைக் கழற்றிவிட்டால் கம்பம் தப்பும், புயலுக்குப் பிறகு அரை நாளில் மறுபடி அடித்துவிடலாம். இரவுக் காவலுக்கு வேண்டுமானால் கம்பங்களுக்கு இடையே கயிறு கட்டி விடுங்கள்.

எல்லாம் சேர்ந்து இப்போது 20 ஷீட் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தனி ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 4.5 கிலோ சுமாருக்குத்தான். இருபதும் ஒரே கட்டாக இருந்தால் அது 90 கிலோ. 100 கிலோமீட்டர் காற்றின் 47 கிலோவுக்கு அது அசையாது. ஆனால் "ஒரே கட்டாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டாமல் வெறுமனே அடுக்கினால் காற்று மேல் ஷீட்டை மட்டும் தூக்கும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. அதன் கண்ணுக்கு அது இருபது ஷீட் அடுக்கு அல்ல, இருபது தனி ஷீட்.

கட்டுவது இப்படி. தரையில் மூன்று மரக்கட்டைகளை வைத்து அதன்மேல் ஷீட்டுகளை அடுக்குங்கள். கட்டைகளின் உயரம் குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அடியில் காற்று புகும். இரு முனையிலிருந்தும் அரை மீட்டர் உள்ளே தள்ளி இரண்டு இடத்திலும் நடுவில் ஓர் இடத்திலும் அடியோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் 12 மில்லிமீட்டர் கயிறு. கயிறு ஷீட்டின் விளிம்பில் உரசும் இடங்களில் பழைய சாக்கோ ரப்பர் துண்டோ வைக்க மறக்காதீர்கள். தகர விளிம்பு இரவு முழுக்க அசைந்து கயிற்றை அறுக்கும். அப்புறம் இந்தக் கட்டைக் கீழ்த்தளத்துக்குள், ஒரு தூணோடு பிணைத்து வையுங்கள். உள்ளே இடமில்லை என்றால் காற்று வரும் திசைக்கு மறைவான சுவரோரம். ஆனால் புயல் நேராக உங்கள் மேலேயே கடந்தால் காற்று பாதியில் திசை மாறும், மறைவு மறைவாக இருக்காது. அதனால்தான் தூணோடு பிணைக்கச் சொல்கிறேன்.

பிளைவுட்டும் இதே முறைதான். சுவரில் சாய்த்து வைத்தது சாய்த்தபடியே இருக்கக்கூடாது. படுக்க வைத்துக் கட்ட வேண்டும்.

தார்ப்பாயைப் பற்றி ஒரு சொல். மழை வருகிறதே என்று பொருள்களின்மேல் தார்ப்பாய் போர்த்தி மூலைகளைக் கட்டிவிட்டுப் போவது பழக்கம். மூலையில் உள்ள வளையம்தான் முதலில் பிய்யும், பிறகு அது படபடவென அடித்துக்கொண்டே மற்ற மூன்றையும் பிய்க்கும். புயலுக்குத் தார்ப்பாய் போட்டே தீரவேண்டும் என்றால், பொருளின் அடியில் மடக்கிச் செருகி, மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு, ஒரு கை நுழைய இடமில்லாமல் இறுக்குங்கள். திறந்த ஜன்னல், வாசல்களைத் தார்ப்பாயால் மூடவே மூடாதீர்கள். கான்கிரீட் கூரை உள்ள கட்டிடத்துக்குக் காற்று உள்ளே வந்து மறுபக்கம் போவதால் பெரிய கெடுதல் இல்லை, நனைந்தால் காயும்.

கூரையே தகரமாக இருந்து, பாதி போட்ட நிலையில் புயல் வந்தால் விஷயம் வேறு. ஒரு பக்கம் திறந்த கட்டிடத்துக்குள் காற்று புகுந்தால் உள்ளிருந்து கூரையை மேலே தள்ளும், வெளியே வீசும் காற்று அதே கூரையை மேலே உறிஞ்சும். இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஷீட்டுகளை ஆளுக்கு இரண்டு ஸ்குரூவில் "தற்காலிகமாக" நிறுத்தியிருந்தால் நேரமிருக்கும்போதே கழற்றிவிடுங்கள். முக்கால்வாசி முடிந்திருந்தால், எல்லா ஸ்குரூவையும் வாஷரோடு போட்டு முடியுங்கள். அதிலும் ஓரங்களையும் முகட்டையும் மூலைகளையும் முதலில். காற்று அங்கேதான் நடுப்பகுதியைப்போல இரண்டு மடங்கு வரை உறிஞ்சும். ஓர ஷீட் கிளம்பிவிட்டால் அதற்கடுத்த ஷீட்டின் ஓரம் திறந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இல்லை. பாதியில் விட்டதைத்தான் காற்று எடுத்துக்கொண்டு போகிறது.

சாரம்

நேரம் குறைவாக இருந்தால் சாரத்தில் செய்யவேண்டிய ஒரே வேலை வலையைக் கழற்றுவது. நம் எடுத்துக்காட்டில் சாரத்தின் முகப்பு 10க்கு 7, அதாவது 70 சதுர மீட்டர். வலை காற்றில் பாதியைத் தடுக்கிறது என்று வைத்தாலும் 100 கிலோமீட்டர் காற்றில் அந்தச் சாரத்தின்மேல் 1,600 கிலோ தள்ளு விழும். வலையும் பலகையும் இல்லாமல் குழாய்கள் மட்டும் நின்றால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. வேறு எந்த வேலையும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பயன் தராது. காற்று வலுத்த பிறகுதான் வலை ஞாபகம் வந்தது என்றால் சாரத்தில் ஏறாதீர்கள். தளத்தில் நின்றபடி கைக்கெட்டும் கட்டுகளை மட்டும் கத்தியால் அறுத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். வலை போனால் போகட்டும்.

அடுத்து நடைபலகைகள். அவற்றை எல்லாம் இறக்குங்கள். பலகை குழாயின்மேல் தன் எடையில் கிடக்கிறது, அடியிலிருந்து வரும் காற்று அதை எளிதாகக் கிளப்பும். மேலடுக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து இறக்க வேண்டும், போடக்கூடாது. வாளி, சட்டி, கயிறு, கலவைப் பலகை, எதுவும் மேலே இருக்கக்கூடாது.

பிறகு சாரம் கட்டிடத்தைவிட உயரமாக நிற்கிறதா என்று பாருங்கள். நம் கட்டிடத்தில் மேல்மாடித் தூண்கள் 6 மீட்டர் வரைதான் வருகின்றன, சாரமோ 7 மீட்டர். மேலடுக்குக்குப் பிடிமானமே இல்லை. அதைக் கழற்றிவிட வேண்டும். இது சாரம் கட்டத் தெரிந்தவர்கள் மட்டும் செய்யவேண்டிய வேலை. அவர்களிடமும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கழற்றும்போது கட்டிடத்தோடு பிணைத்த கட்டு அந்தந்த அடுக்கோடுதான் கழல வேண்டும். வேகமாக முடிக்க எல்லாக் கட்டையும் முதலில் அவிழ்த்துவிட்டுப் பிறகு குழாய்களைக் கழற்றுவது சாரம் மொத்தமாகச் சாய்வதற்கு நேர்வழி.

இனி மிச்சமிருக்கும் சாரத்தைப் பிணைப்பது. பல இடங்களில் கட்டுக்கம்பியை ஜன்னல் கம்பியிலோ சுவரில் அடித்த ஆணியிலோ சுற்றி விட்டிருப்பார்கள். கம்பி கட்டுபவர்கள் பயன்படுத்தும் மெல்லிய கட்டுக்கம்பி ஓர் இழைக்கு 40 கிலோ சுமாருக்குத்தான் தாங்கும். அதைவிட முக்கியமான குறை, கம்பி இழுக்கும், தள்ளாது. காற்று சாரத்தைக் கட்டிடத்தின் பக்கமாக அடிக்கும்போது கம்பி தளர்ந்து சாரம் உள்ளே மோதும், காற்று விலகும்போது வெடுக்கென்று வெளியே இழுபடும். இப்படி நூறு தடவை ஆடினால் எந்தக் கம்பியும் அறுந்துபோகும்.

சரியான பிணைப்பு குழாயாலும் கிளாம்பாலும் ஆனது. மேல்மாடியில் ஒவ்வொரு தூணையும் நான்கு பக்கமும் குறுங்குழாய்களால் சுற்றிக் கிளாம்ப் போட்டு ஒரு சட்டம்போல இறுக்குங்கள், அந்தச் சட்டத்தைச் சாரத்தின் நிற்கும் குழாயோடு இன்னொரு குழாயால் இணையுங்கள். கீழ்த்தளத்தில் தூண் எட்டாத இடத்தில் ஜன்னல் திறப்பு வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டு, உள்பக்கமும் வெளிப்பக்கமும் திறப்பைவிட நீளமான குறுக்குக் குழாய்களைச் சுவரை ஒட்டிப் போட்டு இறுக்குங்கள். கீழ்த்தளச் சுவர் பழையது, மேலே தளம் அழுத்திக்கொண்டிருக்கிறது, அதனால் அதை நம்பலாம். மேல்மாடியின் அரைகுறைச் சுவரில் இதைச் செய்யக்கூடாது. நம் சாரத்துக்கு மூன்று தூண் வரிசையிலும் இரண்டு மட்டத்தில், ஆக ஆறு பிணைப்பு. வலை இல்லாத சாரத்தின் 550 கிலோ தள்ளை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 100 கிலோவுக்குக் கீழே வருகிறது. சாரத்தின் இரண்டு முனைகளிலும் பங்கு கூடும், அங்கே பிணைப்பு இல்லாமல் விடாதீர்கள்.

மூலைவிட்டக் குழாய்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று யாராவது கழற்றியிருப்பார்கள், இது எல்லா இடத்திலும் நடப்பது. திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு கிளாம்பையும் ஸ்பானரால் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்ப்பது போதாது.

கடைசியாகக் கால். இதை மறப்பவர்கள்தான் அதிகம். காற்றில் தப்பித்த சாரம் மறுநாள் வெயிலில் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கூரையில்லாத தளத்திலிருந்து வழிந்த மழைநீர் இரவு முழுக்க ஒரே இடத்தில் விழுந்து அடித்தட்டின் கீழ் மண்ணை அரித்திருந்தது. சாரத்தின் கால்கள் மண்ணில் நின்றால் அடித்தட்டுக்குக் கீழே குறைந்தது இரண்டு கால்களுக்குச் சேர்த்து ஒரு நீளப் பலகை இருக்க வேண்டும். சாரத்துக்கும் சுவருக்கும் இடையே தண்ணீர் தேங்காமல் வெளியே ஓட மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுத்துவிடுங்கள்.

கயிற்றால் கட்டிய மரக்கழிச் சாரம் என்றால், என் எண்ணம், புயலுக்கு முன் பிரித்துவிடுவதுதான். குறிப்பாக ஒரு வரிசைக் கழி மட்டும் நட்டு மறுமுனையைச் சுவரில் செருகிய சாரம். அது சுவரை நம்பி நிற்கிறது, சுவரோ இன்னும் தன் காலில் நிற்கப் பழகவில்லை.

அடுக்கி வைத்த பொருள்கள்

மேல்தளத்தின் ஓரத்தில் இருக்கும் 2,000 செங்கல்லை என்ன செய்வது? ஓரத்தில் விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மேல் வரிசைச் செங்கல் காற்றில் ஆடித் தளர்ந்து ஒவ்வொன்றாகக் கீழே விழும். கீழே சாரமோ மின்கம்பியோ பக்கத்து வீட்டுக் கூரையோ இருக்கும். அதனால் அவசரத்தில் எல்லாவற்றையும் தளத்தின் நடுவில் கொண்டுபோய்க் குவித்துவிடுகிறார்கள். இது வேறொரு ஆபத்து.

ஒரு செங்கல் 3 கிலோ என்றால் 2,000 செங்கல் 6,000 கிலோ. இடுப்பு உயரத்துக்கு அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் 1,500 கிலோவுக்கு மேல் உட்காரும். வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ புழங்கு சுமைக்குத்தான் கணக்கிடப்படுகிறது. அறையின் நடுவில் குவிப்பது தளத்தை அதன் பலவீனமான இடத்தில் சோதிப்பதாகும். அதற்குப் பதிலாக, கீழே உள்ள பீம்களின் கோட்டைப் பிடித்து, அதன் மேலேயே நீளமாக அடுக்குங்கள். இரண்டு செங்கல் நீள அகலத்தில், முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில் அடுக்கினால் 14 மீட்டர் நீளத்தில் 2,000 செங்கல்லும் அடங்கிவிடும். பீமின்மேல் மீட்டருக்கு 430 கிலோ சுமாருக்கு விழும். ஒன்பது அங்குலச் சுவர் முழு உயரத்துக்கு வந்தால் ஏறும் எடையில் இது மூன்றில் ஒரு பங்குதான், சுவர் தாங்க அமைத்த பீம் இதைத் தாங்கும். திறந்த ஓரத்திலிருந்து 2 மீட்டராவது உள்ளே இருக்கும் பீம்களாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு வரி மாற்றி ஒரு வரி குறுக்காக வைத்து அடுக்கினால் வரிசை பிரியாது.

ஆளில்லை, நேரமில்லை என்றால்? 2,000 செங்கல்லையும் நகர்த்தாதீர்கள். இருக்கும் அடுக்கின் உயரத்தை முழங்காலுக்குக் குறைக்கும் அளவுக்கு மேல் வரிசைகளை மட்டும் எடுத்து உள்ளே கொண்டுபோங்கள்.

சிமெண்டுக்குக் காற்றைவிடத் தண்ணீர்தான் எதிரி. கீழ்த்தளத்தின் உள்ளறையில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, மரக்கட்டைகளின்மேல் பலகை போட்டு அடுக்குங்கள். வழக்கமாக அரையடி உயரம் போதும் என்பார்கள், தண்ணீர் ஏறக்கூடிய இடமானால் முழங்கால் உயரம் வையுங்கள். 10 மூட்டைக்கு மேல் உயர வேண்டாம். பிளாஸ்டிக் தாளை மேலே போர்த்தி அடி மூட்டைக்குக் கீழே செருகிவிடுங்கள்.

காலித் தொட்டி புயலில் பந்துபோல உருளும். அதன் எடை முப்பது கிலோகூட வராது. தரையில் வைத்து நீர் நிரப்பினால் ஒரு டன். புயலுக்குப் பிறகு தண்ணீருக்கும் ஆயிற்று. இரும்பு டிரம்களும் அப்படியே. பிவிசி குழாய், காலிச் சாக்கு, வயர் சுருள் போன்ற சில்லறைப் பொருள்களை எல்லாம் கதவு வைத்த ஓர் அறை இருந்தால் அதில் அடைத்துவிடுங்கள்.

மேல்மாடிச் சுவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அவற்றைச் "சுவர்தானே" என்று விட்டுவிடுவார்கள். நாலரை அங்குலத் தடிமனில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நேற்று எழுப்பிய சுவர், மேலே தளமும் இரு பக்கம் குறுக்குச் சுவரும் இல்லாமல் தனியாக நின்றால், 100 கிலோமீட்டர் காற்று அதைக் கவிழ்க்கும் விசை சுவரின் எடை எதிர்த்து நிற்கும் விசையைப்போல மூன்று மடங்கு. கலவை இன்னும் பிடிப்பு வாங்கியிருக்காது. இரண்டு பக்கமும் இரண்டு மீட்டருக்கு ஒரு சாய்முட்டு கொடுங்கள், முட்டின் அடியைத் தளத்தில் நழுவாமல் ஒரு கட்டை வைத்து நிறுத்துங்கள். முட்டு இல்லை என்றால் நேற்றைய வரிகளைப் பிரித்து எடுத்துவிடுவது மேல். தூணுக்கு எழுப்பிய உயரமான கம்பிக் கூடு இருந்தால் மூன்று பக்கம் கயிறு இழுத்துக் கட்டுங்கள்.

கடைசி ஒரு மணி நேரம்

தற்காலிக மின்பலகையின் மெயினை அணைத்து, இணைப்பைத் துண்டித்து, வயர்களைச் சுருட்டி மேலே வையுங்கள். தளத்தின் நீர்ப்போக்குத் துளைகளில் மணலும் சாக்கும் அடைத்திருக்கும், கையை விட்டு எடுங்கள். கலவை மெஷினின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பிறகு சாக்பீஸ் குறிகளை வைத்து இன்னொரு சுற்று வந்து, போனில் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கட்டிடத்தில் யாரும் தங்கக்கூடாது. காவலாளி உட்பட. கொட்டகையில் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள் இருந்தால் அவர்களை முடிந்த கட்டிடம் ஒன்றுக்கு அனுப்பிவைப்பதுதான் இந்த இரண்டு நாளின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இரவில் காற்று சட்டென்று அடங்கி அமைதியானால், அவிழ்ந்த ஷீட்டைக் கட்டிவிட்டு வரலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது புயலின் கண் பகுதியாக இருக்கலாம். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ காற்று எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தோடு திரும்பும். புயல் முழுமையாகக் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை போகாதீர்கள்.

திரும்பிப் போகும்போது

வெளியிலிருந்து பாருங்கள். அறுந்த மின்கம்பி தகரத்திலோ சாரத்திலோ கிடக்கிறதா என்பது முதல் பார்வை. கிடந்தால் எதையும் தொடாமல் மின் துறைக்குச் சொல்லுங்கள், சாரம் முழுவதும் இரும்பு. அடுத்து, எட்ட நின்று சாரத்தின் நிற்கும் குழாய்களைக் கட்டிடத்தின் மூலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சாய்வு கண்ணுக்கே தெரியும். பிறகு அடித்தட்டுகள், பிணைப்புகள், கிளாம்புகள் என்று கீழிருந்து மேலே போங்கள். கிளாம்ப் நழுவியிருந்தால் குழாயில் புதிதாக உரசிய வெள்ளைக் கோடு இருக்கும். அது கண்ட இடத்தில் மேலே ஏறாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சுவர்களைக் கையால் தள்ளிப் பார்க்காதீர்கள். அடி வரியில் கலவைக்கும் செங்கல்லுக்கும் இடையே மயிரிழை விரிசல் நீளமாக ஓடியிருந்தால் அந்தச் சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

சாரம் கட்டத் தெரிந்தவர் பார்த்துச் சரி என்ற பிறகு பலகைகளை ஏற்றலாம். வலையை மட்டும் இன்னும் சில நாள் கழித்துக் கட்டுங்கள். பெரும் புயலுக்குப் பின்னால் பலத்த காற்றோடு மழை ஓரிரு நாள் நீடிப்பது உண்டு, மண்ணும் அதுவரை ஊறித்தான் இருக்கும்.